நடுக்கமும் மறதியும்: நோய்க்குப் பெயரிடுமுன் மாத்திரைகளைப் பார்ப்போம்

கை நடுங்குகிறது, நடை தளர்கிறது, பேச்சுக்கு நடுவே பெயர்கள் மறந்துபோகின்றன என்று முதியவர்களை அழைத்துவரும் குடும்பத்தினர் எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவில் முதலில் கேட்பது, இது பார்க்கின்சன் நோயா, மறதிநோயா என்பதே. அதற்கு விடை சொல்லுமுன் நாங்கள் வேறொன்றைக் கேட்கிறோம்: கடந்த ஆறு மாதங்களில் இவர் என்னென்ன மாத்திரைகள் சாப்பிட்டார்? பேச்சை மாற்றுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். அறுபது வயதைக் கடந்த ஒருவருக்குப் புதிதாக நடுக்கமோ, உடல் இறுக்கமோ, மறதியோ தோன்றினால், அவர் உட்கொண்ட மருந்துகளின் வரலாற்றை முழுமையாகப் பாராமல் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஸ்கேனுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

காரணத்தை விளக்குகிறோம். நாம் எழ, நடக்க, திரும்ப, எழுத நினைக்கும்போது அந்த அசைவு தடையின்றி நிகழ மூளையின் ஆழத்தில் டோபமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்கிறது. ஒரு நரம்பணுவிலிருந்து வெளிப்படும் டோபமின் அடுத்த அணுவிலுள்ள ஏற்பியில் சென்று பொருந்துகிறது. சாவி பூட்டில் பொருந்துவதைப் போல. பார்க்கின்சன் நோயில் டோபமினைச் சுரக்கும் அணுக்கள் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அழிகின்றன, சாவிகள் குறைந்துபோகின்றன. வேறு சிலருக்குச் சாவிகள் போதுமான அளவு இருக்கும். ஆனால் ஏதோ ஒரு மருந்து பூட்டின் துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முகத்தில் உணர்ச்சி குறையும், கையெழுத்துச் சிறுத்துப்போகும், படுக்கையில் புரண்டு படுக்க முடியாது, அடிகள் குறுகும், கை நடுங்கும். முதல் வகை முழுமையாகக் குணமாவதில்லை. இரண்டாம் வகை, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் குணமாகும்.

பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சையே இப்படி ஒரு மருந்து விளைவித்த முடக்கத்தை ஆராய்ந்ததிலிருந்துதான் பிறந்தது. நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் 1950களில் இரத்த அழுத்தத்துக்கு வழங்கப்பட்டது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. 1957இல் வெளியான அந்த ஆய்வுக்காகவும் தொடர்ந்த பணிகளுக்காகவும் அவருக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

டோபமின் ஏற்பியை அடைக்கும் மருந்துகள் என்றவுடன் மனநோய்க்கான மருந்துகளே பலருக்கும் நினைவுக்கு வரும். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவை அவ்வகையைச் சேர்ந்தவைதான். அவற்றைக் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் ஓரளவு எச்சரிக்கையாக இருக்கிறார்கள். எங்களுக்குக் கவலை தருபவை வயிற்றுக்கும் தலைசுற்றலுக்கும் தரப்படுபவை. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளூனரிசின் ஆகிய அனைத்தும் டோபமின் ஏற்பியைத் தடுப்பவை. இவற்றோடு லெவோசல்பிரைடு என்பதையும் சேர்க்க வேண்டும். இது பெரும்பாலும் தனி மாத்திரையாக வீட்டுக்கு வருவதில்லை. அமிலத்தைக் குறைக்கும் ரபெபிரசோல் போன்ற மருந்துடன் ஒரே கேப்சூலுக்குள் அடைத்து விற்கப்படுகிறது. வெறும் வயிற்றில் காலையில் ஒன்று என்று எழுதித் தரப்படும். வீட்டில் அதன் பெயர் ‘கேஸ் மாத்திரை’. ஒரு வாரத்துக்கு எழுதியது ஓராண்டு ஓடுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஏனெனில் பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவர் கேட்கும்போதும் அது நினைவுக்கு வருவதில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடுவதுதான் மருந்து, கேஸ் மாத்திரை மருந்துக் கணக்கில் வராது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

ஒரு நோயாளியின் கதையைச் சொன்னால் இது எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்பது விளங்கும். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

அறுபத்தேழு வயதுப் பெண்மணி. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை தவிர வேறெதுவும் சாப்பிடாதவர். ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை படுக்கையில் வலப்பக்கம் திரும்பியதும் அறையே சுழல்வதைப் போல் இருந்தது. அரை நிமிடத்தில் நின்றது. மறுபடி திரும்பியபோது மீண்டும் வந்தது. அருகிலிருந்த மருத்துவர் சின்னரிசினும் டைமென்ஹைட்ரினேட்டும் சேர்ந்த மாத்திரையை இரண்டு வேளையும், புரோகுளோர்பெரசின் 5 மி.கி. மூன்று வேளையும், காலையில் ரபெபிரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த கேப்சூலையும் ஐந்து நாட்களுக்கு எழுதினார். சுற்றல் குறைந்தது. அது திரும்ப வந்துவிடும் என்ற அச்சத்தில் மகன் மாதாமாதம் அதே சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு சிறு விலகல். திரும்பிப் படுக்கும்போது மட்டும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுழற்சி பெரும்பாலும் உள்காதிலுள்ள நுண்ணிய துகள்கள் இடம்மாறுவதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைக்கும் எப்ளி முறையால் மருத்துவர் அதைச் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். அந்தத் துகள்களை எந்த மாத்திரையும் பழைய இடத்துக்கு அனுப்பாது.

மார்ச் மாதத்தில் அவர் மந்தமானார். கோலம் போடக் குனிந்தால் நிமிர நேரமாயிற்று. வலக்கை நடுங்கியது. முகம் இறுகி, அழைத்தால் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். ஏப்ரலில் வேறொரு மருத்துவமனையில் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி, லெவோடோபா மாத்திரையும் டிரைஹெக்சிஃபெனிடில் 2 மி.கி. மூன்று வேளையும் தொடங்கினார்கள். பழைய மாத்திரைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, குடும்பமும் சொல்லவில்லை. லெவோடோபாவால் பெரிய பலன் இல்லை. பூட்டு அடைபட்டிருக்கும்போது சாவிகளைக் கூட்டிப் பயனில்லை அல்லவா?

மே மாதத்தில் வாய் வறண்டது, மலச்சிக்கல் கடுமையானது. அடுப்பை அணைத்தோமா என்பதை மறந்தார். சாப்பிட்ட அரைமணி நேரத்தில் இன்னும் சோறு போடவில்லையே என்றார். இரவில் கூடத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி, மறைந்த கணவரைப் பெயர் சொல்லி அழைத்தார். ஜூனில் மறதிநோய் என்று டொனெபெசில் 5 மி.கி. சேர்க்கப்பட்டது, இரவுக் குழப்பத்துக்காக ரிஸ்பெரிடோன் 1 மி.கி.யும் வந்தது. ஜூலையில் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கஞ்சி குடித்தால் புரையேறியது. சக்கர நாற்காலியில் எங்களிடம் வந்தார். மகள் கொண்டுவந்த துணிப்பையில் எட்டு வகை மருந்துகள் இருந்தன. லெவோசல்பிரைடு கேப்சூலை நாங்கள் தனியே எடுத்து வைத்ததும், “டாக்டர், அது வெறும் கேஸ் மாத்திரைதானே?” என்று கேட்டார்.

இந்தக் கதையில் மறதி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நினைவுக்கும் கவனத்துக்கும் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற மற்றொரு வேதிப்பொருள் தேவை. டிரைஹெக்சிஃபெனிடில் அதைத் தடுப்பதன் மூலம் நடுக்கத்தைக் குறைக்கிறது. இளைஞரின் மூளை இந்தக் குறைவைத் தாங்கிக்கொள்ளும். எழுபதை நெருங்கும் மூளைக்கு அந்தச் சேமிப்பு இல்லை. வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் இறங்கத் தடை, மங்கலான பார்வை ஆகியவற்றோடு மறதியும் குழப்பமும் இல்லாத உருவங்களைக் காண்பதும் சேர்ந்து வந்தால் இந்த வகை மருந்தை நாங்கள் ஐயுறுவோம். இப்பெண்மணியின் தலைசுற்றல் மாத்திரையிலிருந்த டைமென்ஹைட்ரினேட்டும் இதே வேலையைச் செய்வதுதான். பிறகு சேர்த்த டொனெபெசில் அசிட்டைல்கோலினைக் கூட்டும் மருந்து. ஆக, ஒரே உடலில் ஒரு மாத்திரை அதைக் குறைக்க, இன்னொரு மாத்திரை கூட்ட முயன்றுகொண்டிருந்தது. சளிக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் கடையில் கேட்டு வாங்கும் குளோர்ஃபெனிரமின், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடிக்கடி கழிவதற்கான ஆக்சிபியூட்டினின் ஆகியவற்றுக்கும் இத்தன்மை உண்டு. ஒவ்வொன்றும் தனியாகச் சிறிதளவே இருக்கலாம். முதியவர் ஒருவரிடம் இரண்டு மூன்று சேரும்போதுதான் மறதி வெளிப்படுகிறது.

அவருக்கு நாங்கள் செய்த சிகிச்சை பெரும்பாலும் நீக்குவதுதான். தலைசுற்றல் மாத்திரைகள் இரண்டையும் லெவோசல்பிரைடு கேப்சூலையும் உடனே நிறுத்தினோம். ரிஸ்பெரிடோனைப் பாதியாக்கிச் சில நாட்களில் நிறுத்தினோம். டிரைஹெக்சிஃபெனிடிலை மட்டும் வாரத்துக்கு 2 மி.கி. வீதம் மூன்று வாரங்களில் குறைத்தோம். திடீரென நிறுத்தினால் குழப்பமும் இறுக்கமும் கூடக்கூடும். அதன்பின் டொனெபெசிலை நிறுத்தினோம். லெவோடோபாவில் கடைசி வரை கைவைக்கவில்லை.

மூன்றாம் வாரத்தில் கூடத்தில் தெரிந்த மனிதர்கள் மறைந்தார்கள். நினைவாற்றலுக்கு நாங்கள் கேட்கும் முப்பது மதிப்பெண் வினாக்களில் முதல் நாள் 16 பெற்றவர், ஆறாம் வாரத்தில் 22, ஐந்தாம் மாதத்தில் 27 பெற்றார். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார, துணையோடு 38 விநாடி எடுத்துக்கொண்டவருக்கு இப்போது தனியாக 13 விநாடி போதும். லெவோடோபாவையும் நான்கு வாரங்களில் மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டோம். ஆனால் நடக்கும்போது வலக்கை இன்னமும் இடக்கையைப் போல வீசி ஆடுவதில்லை. அதனால் முழுமையாகக் குணமானார் என்று நாங்கள் எழுதவில்லை.

ஏன் என்பதை அவர் குடும்பத்தாருக்குச் சொன்னவாறே இங்கும் சொல்கிறோம். சிலருக்குப் பார்க்கின்சன் நோய் ஏற்கெனவே மறைந்திருக்கும். டோபமின் அணுக்கள் ஓரளவு அழிந்திருந்தும் அறிகுறி வெளிப்படாத நிலையில் இருப்பார்கள். அடைக்கும் மருந்து ஒன்று வந்ததும் அது வெளியே தெரிகிறது. மருந்தை நிறுத்தியபின் குறைந்து, சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ திரும்ப வருகிறது. மருந்தால் வந்த இறுக்கம் மறையச் சில வாரங்கள் போதும் என்று எண்ணுவோர் உண்டு. ஆறு மாதம் வரை காத்திருக்க நேரலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா என்று பரிசோதித்தே சொல்லிவிட முடியாதா என்று கேட்கிறார்கள். சில குறிப்புகள் உண்டு. மருந்தால் வருவது பெரும்பாலும் இரு பக்கமும் ஒருசேரத் தோன்றி, வாரங்களில் வேகமாக வளர்கிறது. பார்க்கின்சன் நோய் ஒரு கையில் தொடங்கி மெதுவாகப் பரவும். பலருக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசனை அறியும் திறன் குறைந்திருக்கும். ஆனால் மேற்சொன்ன பெண்மணிக்கு நடுக்கம் ஒரு கையில்தான் இருந்தது. இந்தக் குறிப்புகளை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேனாலும் இரண்டையும் பிரித்தறிய இயலாது. ட்ரோடாட் என்ற அணுக்கதிர் ஸ்கேன் டோபமின் நரம்பு முனைகளைக் காட்டும். மருந்தால் மட்டும் வந்ததாயின் அது இயல்பாக இருக்கும். எல்லா ஊர்களிலும் அது கிடைப்பதில்லை, செலவும் அதிகம். மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்து பார்ப்பதே முதலில் செய்யத்தக்கது. ஓராண்டுக்குப் பிறகும் அந்த வலக்கை அப்படியே இருந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்வோம்.

இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். எங்கள் கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் வரக்கூடிய தீங்கு, அந்த மாத்திரைகளால் வரும் தீங்கைவிடப் பெரியதாக இருக்கலாம். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் நினைவிழப்பும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து வரலாம். மனச்சிதைவு நோய்க்கான மருந்தைச் சொந்தமாக நிறுத்தினால் அந்நோய் திரும்பும். அவர்களுக்கு மனநல மருத்துவரே அளவைக் குறைத்தோ, இறுக்கம் குறைவாக உண்டாக்கும் வேறொன்றுக்கு மாற்றியோ தருவார். வலிப்புக்கான வால்புரோயேட்டும் நடுக்கத்தையும் மந்தத்தையும் மறதியையும் உண்டாக்கக்கூடியதே. ஆனால் அதை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வரும். வயிற்றுக்கும் தலைசுற்றலுக்கும் மாதக்கணக்கில் சாப்பிடுபவற்றைப் பற்றித்தான், இனியும் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் அடுத்த வருகையிலேயே கேளுங்கள் என்கிறோம்.

மறதியும் இறுக்கமும் உள்ள எல்லோருக்கும் மருந்துதான் காரணம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. லூயி உறை மறதிநோய் என்றொரு நோய் உண்டு. அதில் நினைவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும், குழந்தைகளும் விலங்குகளும் வீட்டுக்குள் வந்துபோவது தெளிவாகத் தெரியும், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுவார்கள், உடலும் இறுகும். அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்தைச் சிறிதளவு கொடுத்தாலும் உடல் முற்றிலும் முடங்கிப் போகக்கூடும். இரவில் கத்துகிறார், தூங்கவைக்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்கும் குடும்பத்தின் களைப்பை நாங்கள் அறிவோம். எந்த உருவம் தெரிகிறது, எப்போதிலிருந்து தெரிகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு அந்த மருந்தைக் கேளுங்கள்.

புறநோயாளர் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் ஆறு மாத மருந்து வரலாற்றை எங்கே கேட்பது என்று எங்கள் துறையைச் சேர்ந்தவர்களே சொல்வதுண்டு. அந்தச் சிரமம் உண்மையானது. அதனால் பாதி வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறோம். மருந்துப் பட்டியலை எழுதிக் கொண்டுவருவதைவிட அட்டைகளையே கொண்டுவருவது நல்லது. தீர்ந்துபோன அட்டைகளையும் எறியாமல் வையுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரைவிட, அதன் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்ட மருந்துப் பெயர்களே எங்களுக்குத் தேவை. நடுக்கமோ மறதியோ தோன்றிய மாதத்தை ஒரு தாளில் குறித்து, ஒவ்வொரு மாத்திரையும் தொடங்கிய மாதத்தை அதன் அருகில் எழுதுங்கள். அறிகுறிக்கு முன் மூன்று மாதங்களுக்குள் தொடங்கியது எது என்று அந்தத் தாளைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். சின்னரிசின், ஃபுளூனரிசின் போன்றவற்றில் அதைவிடத் தாமதமாகவும் அறிகுறி தோன்றலாம்.

ஏற்கெனவே பார்க்கின்சன் நோய் உறுதியானவர்களின் வீட்டாருக்கு இன்னொன்று. வாந்தி, காய்ச்சல் என்று நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போகும்போது, ஊசி போடுமுன் “இவருக்குப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது, மெட்டோகுளோபிரமைடு வேண்டாம்” என்று சொல்லுங்கள். வாந்திக்கு ஒண்டான்செட்ரான், டோம்பெரிடோன் என்று வேறு மருந்துகள் உள்ளன. இவருடைய இதயத்துக்கு அவற்றுள் எது ஏற்றது என்பதைப் பணியிலுள்ள மருத்துவர் ஈ.சி.ஜி.யைப் பார்த்து முடிவு செய்வார். அந்த வாக்கியத்தை ஓர் அட்டையில் எழுதி, நோயாளியின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவைக்கலாம். துணைக்கு யார் சென்றாலும் காட்ட வசதியாக இருக்கும்.